உருளைக்கிழங்கு விலை ஏறினால் மலையகத்தில் நகை வாங்குவது கூடுமா?

கூடும், ஆனால் உடனே அல்ல. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கிழங்கு போடும் குடும்பங்களில் நகைதான் பயிருக்கு முதலாகிறது. செலவில் பெரிய பங்கு விதைக்கிழங்குக்கே போகும். அதை வாங்கச் சங்கிலி அடகுக்குப் போய்விடும்.

இரண்டு பவுன், அதாவது 16 கிராம் சங்கிலியை வைத்து நட்டவரை எடுத்துக்கொள்வோம். மூன்று, மூன்றரை மாதத்தில் கிழங்கு வெட்டுவார். நல்ல விலை கிடைத்தால் முதலில் வட்டியோடு சங்கிலியை மீட்பார். அடுத்து உரக்கடைக் கடன். அப்புறம் மிஞ்சுவதுதான் நகைக்கடைக்குப் போகும். பெரும்பாலும் இரண்டாவது நல்ல போகத்தில்தான் புது நகை வரும்.

அறுவடை நேரத்தில் இறக்குமதிக் கிழங்கு குவிந்தாலோ, வெளிறல் நோய் இலையைக் கருக்கினாலோ வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பிப்பார்கள். அதுவும் முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்: ஒரு போக நட்டத்தில் பல வருடச் சேமிப்பு போய்விடுகிறது.

2022இல் ரூபாய் சரிந்து தங்கம் எகிறியபோது, அதே சங்கிலிக்கு அதிக அடகுப் பணம் கிடைத்தது. ஆனால் உர விலையும் ஏறியிருந்தது, புதிதாக ஒரு பவுன் வாங்குவதும் எட்டாமல் போனது.

தோட்டத்தில் சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவர்கள் கதை வேறு. அவர்கள் பெரும்பாலும் சீட்டுப் பணம் விழும்போதுதான் நகை வாங்குவார்கள்.