அப்பா அம்மாவை ஐரோப்பா டூர் அனுப்பப் போகிறேன். விதிமுறையில் ‘விசா உதவி உண்டு’, ‘பயணக் காப்பீடு உட்பட’, ‘நிறுவனம் பொறுப்பல்ல’ என்று இருக்கிறது. எளிமையாக விளக்க முடியுமா?

நீங்கள் அட்வான்ஸ் இன்னும் கட்டவில்லை என்று நம்புகிறேன். நான் வக்கீல் இல்லை. கும்பகோணம் பக்கத்துக்காரன், இதே மாதிரி டூரில் பணத்தை விட்டவன், அவ்வளவுதான்.

‘விசா உதவி’ என்றால் படிவம் நிரப்பித் தருவார்கள், பட்டியல் பார்த்துக் காகிதம் வாங்குவார்கள், அப்பாயின்ட்மென்ட் போடுவார்கள். விசா தருவதும் மறுப்பதும் தூதரகம். அதற்கு இவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே தாளில் நாலு பக்கம் தள்ளி இன்னொரு வரி இருக்கும்: ‘விசா மறுக்கப்பட்டால் பயணி தானாக ரத்து செய்ததாகவே கருதப்படும்.’ இதை ரத்துக் கட்டண அட்டவணையோடு சேர்த்துப் படியுங்கள். நான் தனித்தனியாகப் படித்தேன்.

எங்கள் கதை இது. ஆளுக்கு 2,30,000, இருவருக்கு 4,60,000. மே 20 புறப்பாடு. ஏப்ரல் 16-இல்தான் விசா மையத்துக்கு அனுப்பினார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசா முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், இழுத்தால் 45 நாள்கூட ஆகலாம். மே 4 அன்று அம்மாவுக்கு விசா வந்தது, அப்பாவுக்கு மறுப்பு: செலவுக்குப் போதிய ஆதாரம் இல்லையாம். அப்பா விவசாயி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ததில்லை. சம்பா நெல் போட்ட பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து வந்த வேகத்தில் நகைக்கடனுக்குப் போய்விட்டது. வங்கிக் கணக்கு காலியாக இருக்கிறதே என்று ஏப்ரல் முதல் வாரம் மச்சான் 4 லட்சம் போட்டார். திடீரென வந்து விழுந்த பணம் சந்தேகத்தைத்தான் கூட்டும் என்று டூர் கம்பெனியில் ‘விசா உதவி’ பார்த்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அட்டவணைப்படி 30 முதல் 16 நாளுக்குள் ரத்து செய்தால் 75 சதவீதம் பிடிப்பு, 15 நாளுக்குள் என்றால் முழுவதும். மே 4 என்பது சரியாக 16-ஆம் நாள். அன்றே மெயில் போட்டிருந்தால் 1,15,000 திரும்பியிருக்கும். நான் போனில் ‘அடுத்த பேட்சுக்கு மாற்ற முடியுமா’ என்று இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தேன். எழுத்தில் வந்த தேதிதான் செல்லும் என்றார்கள். மே 6. முழுப் பணமும் போச்சு. அம்மா மட்டும் தனியாகப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எங்கள் அம்மாவைத் தெரியாதவர்கள் அவர்கள்.

காப்பீடு இருக்கிறதே என்று நினைத்தேன். ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கட்டாயம், அதனால் ‘உட்பட’ என்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. பயண ரத்துக்குப் பணம் தருவது பாலிசியில் எழுதிய காரணங்களுக்கு மட்டும்: சாவு, ஆஸ்பத்திரியில் சேருவது போல. எங்கள் பாலிசியில் விசா மறுப்பு அதில் இல்லை. திரும்பி வந்தது பிரீமியம் மட்டும், மறுப்புக் கடிதத்தைக் காட்டியதால். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு தருவார்கள் என்பதைச் சான்றிதழில் பார்க்காதீர்கள், பாலிசி வாசகத்தையே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, பொறுப்பல்ல’ என்றால், விமானம் தாமதமானாலோ ஹோட்டலில் பொருள் தொலைந்தாலோ அந்தந்தக் கம்பெனியைக் கேளுங்கள் என்று அர்த்தம். ஆனால் அவர்களே தப்பான தேதி போட்டாலோ, காகிதத்தை அனுப்ப மறந்தாலோ அது சேவைக் குறைபாடு; அந்த வரி அவர்களைக் காப்பாற்றிவிடாது. ‘வழக்கு எங்கள் ஊரில் மட்டும்’ என்று எழுதியிருந்தாலும் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது.

அதனால் இப்போதே மெயிலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்தத் தேதியில் விண்ணப்பம் போடுவீர்கள், மறுப்பு வந்தால் அட்டவணையில் எந்த வரிசையில் விழுவேன்?” ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், ‘இப்போது முடியாது’ என்ற பதிலை அப்படியே ஏற்காதீர்கள்.

நான் ஆணையத்துக்குப் போகவில்லை. நோட்டீஸ் அனுப்பியதும் விமான டிக்கெட் வரியை மட்டும் திருப்பினார்கள். மேலே போகலாம் என்றால் அப்பா, “குறுவைக்கு நாற்று விடணும், தஞ்சாவூருக்கு யார் அலையறது” என்று சொல்லிவிட்டார்.