ஓடும் முன் ஸ்ட்ரெச்சிங்: எத்தனை விநாடி என்பதுதான் கேள்வி

"ஓடப் போகும் முன் காலை இழுத்துப் பிடித்து ஸ்ட்ரெச் செய்தால் வேகம் குறையும் என்கிறார்களே, உண்மையா?"

நீண்ட நேரம் பிடித்தால் குறையும். உடற்பயிற்சி ஆய்வாளர் டேவிட் பெம் குழு 2016-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒரே தசையை அசையாமல் 60 விநாடியோ அதற்கு மேலோ இழுத்துப் பிடித்தால் வலிமை, வேகம் போன்றவை சராசரியாக 4.6% குறைந்தன. அதற்குக் குறைவான நேரமென்றால் இழப்பு 1.1%தான். காலை வீசுவது போன்ற அசைவு ஸ்ட்ரெச்சிங்கில் 1.3% கூடியது. பெரும்பாலான ஆய்வுகள் ஸ்ட்ரெச் செய்த சில நிமிடங்களிலேயே அளந்தவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நடுவில் வார்ம்-அப் செய்தால் அந்தச் சிறு இழப்பும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

சரி, காயத்தையாவது தடுக்குமா? ஆஸ்திரேலிய ராணுவத்தில் 1,500-க்கும் மேற்பட்ட புதிய வீரர்களை வைத்துச் செய்து, 2000-இல் வெளியான ஆய்வில், பயிற்சிக்கு முன் கால் தசைகளை 20 விநாடி இழுத்துப் பிடித்ததால் காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை.

100 மீட்டர் ஓடுபவர் என்றால் நான் சொல்வது இதுதான்: ஐந்து நிமிடம் மெதுவோட்டம். பிறகு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு முறை வீசுங்கள், முட்டியை உயர்த்தி நடங்கள். அப்புறம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே மூன்று சிறு ஓட்டங்கள். தொடையின் பின்தசை இறுக்கமாகத் தோன்றினால், மெதுவோட்டம் முடிந்ததும் 20 விநாடி பிடிக்கலாம். சுரீரென்று வலித்தால் உடனே விட்டுவிடுங்கள்.