ஏறாவூர் எப்படி முதலிடத்துக்குப் போனது

கேள்வி: ஒரு இலட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று நகரங்களுக்கு எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? எங்கள் மட்டக்களப்புப் பக்கம் சின்ன ஊர்கள்கூடப் பெரிய நகரங்களை விட மோசம் என்று ஒரு பட்டியல் வந்தது, நம்பலாமா?

உங்களுக்கு வந்ததும் எனக்கு வந்த மாதிரியான பட்டியலாகத்தான் இருக்கும். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருப்பார்கள், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் "அங்க எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டிருப்பார்.

கணக்கு லேசானது. ஒரு வருடத்தில் பதிவான குற்றங்களை அந்த இடத்தின் சனத்தொகையால் வகுத்து, ஒரு இலட்சத்தால் பெருக்க வேண்டும். மேலே வரும் எண் பொலிஸிடமிருந்து வருகிறது. கீழே வரும் எண் குடிசன மதிப்பீட்டிலிருந்து வருகிறது. இரண்டையும் சேகரிப்பவர்கள் வேறு வேறு ஆட்கள், அவர்கள் கீறி வைத்திருக்கும் எல்லைகளும் வேறு. எங்கள் மாவட்டத்தில் பிழை நுழைவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

நான் செங்கலடி ஆள். பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். கொஞ்சக் காலத்துக்கு முன் ஒரு பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே படித்த ஒரு தம்பி, நல்ல கெட்டிக்காரர், மாவட்டத்தின் பொலிஸ் நிலையங்களை வரிசையாக வைத்து ஒரு வரைபடம் காட்டினார். மற்றக் கம்பங்கள் எல்லாம் முழங்கால் உயரம் என்றால் ஏறாவூர் மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. பின்வரிசையில் இருந்து "அந்த ஊர்க்காரர் அப்படித்தானே" என்று ஒரு குரல் வந்தது. எனக்குப் பக்கத்தில் ஏறாவூரைச் சேர்ந்த ஒரு சகோதரி இருந்தார். தலையைக் குனிந்துகொண்டு கொப்பியில் ஏதோ எழுதுகிற மாதிரி இருந்தார். அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, இதில செங்கலடி எங்க?" என்று கேட்டேன்.

"செங்கலடிக்குத் தனியாப் பொலிஸ் நிலையம் இல்லையே மிஸ்."

"அப்ப செங்கலடியில ஒரு வீடு உடைச்சா எங்க முறைப்பாடு போடுற?"

"ஏறாவூர்லதான்."

"அந்தச் சனம் உங்கட கணக்கில எங்க இருக்கு?"

அவர் சனத்தொகைக்கு எடுத்திருந்தது ஏறாவூர் நகர் பிரதேச செயலகப் பிரிவை. அது பரப்பில் மிகச் சின்னது. ஏறாவூர் பொலிஸ் பிரிவோ செங்கலடி, வந்தாறுமூலை, தன்னாமுனை என்று வெளியிலும் பரந்து கிடக்கிறது. பத்திரிகையில் "ஏறாவூர் பொலிஸ் பிரிவுக்குட்பட்ட செங்கலடியில்" என்று வாசித்திருப்பீர்கள். அந்தச் செங்கலடி இருப்பது ஏறாவூர்ப்பற்று என்ற வேறொரு பிரதேச செயலகப் பிரிவில். ஆக மேலே எல்லா ஊரின் குற்றமும் இருக்கிறது, கீழே ஒரு ஊரின் சனம் மட்டும் இருக்கிறது.

விளங்குவதற்காக வட்ட எண்களில் சொல்கிறேன், இவை உண்மைப் பதிவுகள் அல்ல. ஏறாவூர் பொலிஸில் வருடத்துக்கு 120 பாரதூரமான குற்றங்கள் பதிவானதாக வைப்போம். நகர் பிரிவில் 25,000 பேர் என்றால், 120 ஐ 25,000 ஆல் வகுத்து இலட்சத்தால் பெருக்க 480 வரும். தம்பியின் கம்பம் அதுதான்.

பிழை விளங்கியதும் அவர் உடனே ஏறாவூர்ப்பற்று முழுவதையும் சேர்க்கப் பார்த்தார். அதுவும் சரிவராது. ஏறாவூர்ப்பற்று மேற்கே கரடியனாறு வரை போகிறது, அங்கே தனிப் பொலிஸ் நிலையம் உண்டு. முழுதாகச் சேர்த்து ஒரு இலட்சம் பேர் என்று போட்டால் விடை 120 ஆகிவிடும். அது ஏறாவூரை இல்லாத அளவுக்கு நல்லதாகக் காட்டுகிற கணக்கு.

செய்ய வேண்டியது, ஏறாவூர் பொலிஸ் பிரிவுக்குள் வருகிற கிராம சேவகர் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் சனத்தொகையைக் கூட்டுவது. நகரின் 25,000 உடன் வெளியே 45,000 பேர் சேர்ந்து 70,000 வந்தால் விடை ஏறத்தாழ 171. மேலே உள்ள 120 மூன்று கணக்கிலும் மாறவேயில்லை.

இப்படிப்பட்ட பட்டியலில் பிழையைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லாப் பொலிஸ் பிரிவுகளுக்கும் போட்ட சனத்தொகையைக் கூட்டுங்கள். மாவட்டச் சனத்தொகைக்குக் கிட்ட வர வேண்டும். தம்பியின் பட்டியலில் பெரிய துண்டு விழுந்தது. செங்கலடிச் சனம் இல்லை. கரடியனாறு என்ற பெயரில் பிரதேச செயலகம் இல்லாததால், சனத்தொகை கிடைக்கவில்லை என்று அந்தப் பொலிஸ் நிலையத்தையே விட்டிருந்தார்.

இதை எழுதினால் "ஏறாவூருக்கு வக்காலத்து வாங்குகிறாயா?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். குற்றம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 171 உம் குற்றம்தான், அதற்குள் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் செங்கலடிக் குற்றத்தையும் அடுத்த ஊரின் தலையில் கட்டி, அந்த ஊர்ச் சனத்தை ஒரு கூட்டத்தில் தலைகுனிய வைப்பது அநியாயம் என்கிறேன்.

எல்லை சரியாக இருந்தாலும் வருடம் பிழைக்கலாம். மட்டக்களப்பில் 1981 க்குப் பிறகு முழுமையான குடிசன மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது. 2001 இல் அம்பாறையில் முழுதாக எடுத்தார்கள், எங்கள் பக்கம் முடியவில்லை. இடையில் யுத்தம், இடம்பெயர்வு, 2004 சுனாமி. அந்தக் காலத்துக்கு யாராவது மட்டக்களப்பின் குற்ற வீதம் என்று தசமப் புள்ளியோடு காட்டினால், கீழே இருப்பது எண்ணி எடுக்காமல் உத்தேசமாகப் போட்ட எண் என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவிலும் இதே சிக்கல் இருக்கிறது. அங்கே தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் மாநிலங்களுக்கு அந்தந்த வருடத்துக்கு மதிப்பிட்ட சனத்தொகையைப் போடுகிறது, பெருநகரங்களுக்கு 2011 கணக்கெடுப்பையே வைத்துக்கொண்டிருந்தது, 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போன பிறகும். வேகமாக வளர்ந்த நகரத்தில் சனமும் குற்றமும் சேர்ந்தே கூடினாலும், பழைய சனத்தொகையால் வகுத்தால் வீதம் ஏறினதாகத்தான் தெரியும். அந்தப் பட்டியலை வைத்து எங்கள் ஊர்களை ஒப்பிடுவது இன்னும் ஒரு படி பிழை.

சின்ன இடத்தில் இன்னொரு தொல்லை. 25,000 பேர் உள்ள ஊரில் ஒரே ஒரு கொலை நடந்தால் வீதம் 4. அடுத்த வருடம் இரண்டு நடந்தால் 8, "இரட்டிப்பு" என்று தலைப்புப் போடுவார்கள். அதற்கடுத்த வருடம் ஒன்றும் நடக்காவிட்டால் பூச்சியம். மூன்று நான்கு வருடங்களைச் சேர்த்துப் பார்க்காமல் கொலை வீதத்தை வைத்து அப்படி ஒரு ஊரைப் பற்றிப் பேசக்கூடாது.

இதெல்லாம் எங்கள் அலுவலகங்களிலேயே சரிபார்க்கக்கூடிய வேலை. பட்டதாரிகளை அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று எடுத்து, மேசைகூட இல்லாமல் மூன்று பேருக்கு ஒரு கதிரை கொடுத்து, போட்டோகொப்பி எடுக்கவும் கூட்டத்துக்குத் தேநீர் ஒழுங்கு செய்யவும் விட்டிருக்கிறார்கள். புள்ளிவிபரம் படித்த பிள்ளைகள் என்னோடு இருக்கிறார்கள். கிராம சேவகர் பிரிவுகளையும் பொலிஸ் எல்லைகளையும் பொருத்தி ஒரு அட்டவணை போடச் சொன்னால் ஆசையாகச் செய்வார்கள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

உங்களுக்கு வந்த பட்டியலில் ஒவ்வொரு ஊருக்கும் எந்த வருடத்துச் சனத்தொகை, எந்த எல்லை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். இருந்தால் கீழே கருத்தில் போடுங்கள், கிராம சேவகர் பிரிவுகளைக் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.