ஒரு பக்க பார்டர் துணியில் பாவாடை

தர்மபுரியில் 44 இஞ்ச் அகல காட்டன் எடுத்தேன், ஒரு கரையில் மட்டும் மாங்கா பார்டர். மகளுக்கு அம்பர்லா பாவாடை வருமா?

வராது. அம்பர்லாவின் கீழ்விளிம்பு வளைவு; பார்டரோ நேர்கோடு. வளைத்து வெட்டினால் பார்டர் பாதியில் அறுந்துபோகும். சுருக்குப் பாவாடைதான் சரி.

துணியைக் குறுக்கே திருப்புங்கள். கரை கீழே வரட்டும், அகலம் உயரமாகும். உயரம் 30 இஞ்ச் என்றால் பார்டரிலிருந்து மேல்நோக்கி அளந்து, தையலுக்கு 2 இஞ்ச் விட்டு வெட்டுங்கள். மிச்சம் 12 இஞ்ச் இடுப்புப்பட்டிக்கு. கீழே பெரிதாக மடிக்காதீர்கள், பார்டரே உள்ளே போய்விடும்.

இடுப்பு 24 இஞ்ச் என்றால் மூன்று மடங்கு, 72. மாங்கா 8 இஞ்சுக்கு ஒருமுறை திரும்ப வந்தால் சரியாக ஒன்பது. தையலுக்கு ஒரு இஞ்ச் கூட்டி 73 வெட்டினால் இணைப்பில் மாங்கா உடையாது. 2 மீட்டர் தாராளம். வெட்டுமுன், கரையைக் கீழே பிடித்தால் மேலே உள்ள பூக்கள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். சிலதில் படுத்துக் கிடக்கும்.