அரட்டைச் செய்தியைப் பேராசிரியருக்கான மின்னஞ்சலாக மாற்றுதல்

“மேம், நேத்து ஃபீவர், லேப் வரல. ரெக்கார்டு திங்கள் தரட்டுமா? ப்ளீஸ் மேம்” என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். மின்னஞ்சலில் எழுதச் சொல்லிவிட்டார். எப்படி மாற்றுவது?

உங்கள் செய்தியில் பணிவு குறையவில்லை, தகவல்தான் குறைகிறது. பல வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவருக்கு நீங்கள் யார், எந்த ஆய்வகம் என்பது அதிலிருந்து தெரியாது. “நேத்து” என்பதும் அவர் இரண்டு நாள் கழித்துப் படித்தால் வேறு நாளாகிவிடும். ஆகவே தேதியை எழுதுங்கள். பொருள் வரியிலேயே விஷயம் விளங்க வேண்டும்:

பொருள்: இயற்பியல் ஆய்வகப் பதிவேடு – மார்ச் 16 அன்று ஒப்படைக்க அனுமதி கோருதல்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு இயற்பியல், ‘பி’ பிரிவு மாணவி (பதிவு எண் …). காய்ச்சல் காரணமாக மார்ச் 12, வியாழக்கிழமை ஆய்வக வகுப்புக்கு வர இயலவில்லை. அன்று ஒப்படைக்க வேண்டிய பதிவேட்டை மார்ச் 16, திங்கட்கிழமை காலை ஒப்படைக்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவச் சான்றிதழை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(பெயர்)

நோயின் விவரம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். நீளமான காரணம் கோரிக்கையை மறைத்துவிடும். “ப்ளீஸ்” செய்த வேலையை “அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்பதே செய்துவிடுகிறது. சான்றிதழ் கையில் இல்லையென்றால் அந்த வரியை நீக்கிவிடுங்கள். தவறவிட்ட சோதனையை வேறொரு நாளில் செய்ய வேண்டுமானால், அதையும் இதே மடலில் இன்னொரு வாக்கியமாகக் கேட்டுவிடுங்கள்.