பாண்டட் கிடங்கில் விலை கேட்கும்போது

கேள்வி: குளியலறைக் குழாய்கள் ஒரு நாற்பது அடி கண்டெய்னரில் சென்னைக்கு வருகின்றன. வரி முழுவதையும் ஒரே தவணையில் கட்ட முடியாது. சுங்க வரி கட்டாமல் சரக்கை வைக்க அனுமதிக்கும் பாண்டட் கிடங்கில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம் என்றிருக்கிறேன். கிடங்குக்காரரிடம் வாடகை, இலவச நாட்கள், சரக்கை வெளியே எடுக்கும் முறை பற்றி என்னென்ன கேட்க வேண்டும்?

பதில்: "ரேட் என்ன?" என்று மட்டும் கேட்டால் ஒரு எண் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பேலட் எத்தனை, ஒன்றின் அளவும் எடையும் என்ன, எத்தனை தடவையாக எடுப்பீர்கள் என்பதை முதலில் எழுதி அனுப்புங்கள். பிறகு வாடகை எந்த அலகில் என்று கேளுங்கள்: பேலட்டுக்கா, கன மீட்டருக்கா, சதுர அடிக்கா?

உங்களிடம் 20 பேலட், வாரத்துக்கு ஒன்றுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் என்பது நான்கு வாரமும் இரண்டு நாளும். மீதி இரண்டு நாளை முழு வாரமாகக் கணக்கிட்டால் பில் 16,000 அல்ல, 20,000. அதன் பிறகு 10 பேலட்டை எடுத்துவிட்டால் வாடகை பாதியாகுமா, ஒதுக்கிய இடம் முழுவதற்கும் ஓடுமா? சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். இறக்கு கூலி, ஏற்று கூலி, குறைந்தபட்ச பில் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

"இலவச நாள்" என்ற சொல்லில் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. கிடங்குக்காரர் வாடகையில் விட்டுக்கொடுப்பது ஒன்று. கப்பல் கம்பெனி கண்டெய்னருக்குத் தருவது இன்னொன்று. காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்வரை அது நிற்காது. ஆகவே கிடங்கில் எத்தனை நாளில் பெட்டியைப் பிரித்து இறக்குவார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது சுங்கத்தினுடையது. சுங்கச் சட்டம் 61-ஆம் பிரிவுப்படி, முதல் 90 நாளுக்கு வரிமேல் வட்டி இல்லை. அதற்கு மேல் ஆண்டுக்கு 15 சதவீதம். சரக்கு கிடங்குக்குள் நுழைந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. கிடங்கில் வைக்க அதிகாரி 60-ஆம் பிரிவில் உத்தரவிட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். மொத்த வரி 6 லட்சம் என்றால், பாதியை 80-ஆம் நாளில் எடுத்தால் வட்டியே இல்லை. மறுபாதியை 150-ஆம் நாளில் எடுத்தால் 3 லட்சத்துக்கு 60 நாள் வட்டி, ஏறக்குறைய 7,400 ரூபாய். இதைக் கிடங்கு வாடகையோடு கூட்டிப் பாருங்கள். வழக்கமான இறக்குமதிச் சரக்கை வைக்க ஓராண்டுதான். அதற்குமேல் நீட்டிப்பு வாங்க வேண்டும்.

எடுக்கும்போது உங்கள் சுங்கத் தரகர் சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் எக்ஸ்-பாண்ட் பில் ஆஃப் என்ட்ரி என்ற, கிடங்கிலிருந்து சரக்கை எடுப்பதற்கான படிவத்தைப் போடுவார். அதைத் தாக்கல் செய்யும் நாளில் உள்ள வரி விகிதம்தான் பொருந்தும். பட்ஜெட் நேரத்தில் இது இரண்டு பக்கமும் வெட்டும். வரியும் வட்டியும் கட்டி, அதிகாரியின் அனுமதி வந்த பிறகே கிடங்குக்காரர் சரக்கை விடலாம். அவரிடம் கேட்க வேண்டியது: தன் பாக்கியை முன்கூட்டியே கேட்பாரா, லாரி வருவதை எவ்வளவு நேரம் முன்னால் சொல்ல வேண்டும், சனிக்கிழமை ஏற்றுவார்களா?

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். பொதுக் கிடங்கு உரிமத்துக்காக அவர் எடுத்திருக்கும் பாலிசி அரசுக்குச் சேர வேண்டிய வரிக்கானது. தீப்பிடித்தால் உங்கள் குழாய்களின் விலை அதில் வராது. அதற்கு நீங்களே தனியாக எடுக்க வேண்டும்.