ஆஃபர் லெட்டரில் பெயரும் சேரும் தேதியும் தப்பாக இருந்தால் எச்.ஆரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. என் பெயர் Revathi, கடிதத்தில் Revathy என்று இருக்கிறது. சேரும் தேதி ஜூலை 13 என்று போனில் பேசினோம், கடிதத்தில் ஜூலை 6. எச்.ஆரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் ஆஃபரே போய்விடுமா?

பதில்:

போகாது. ஆஃபர் லெட்டர் தயாரித்து அனுப்பும் வேலையில் சில வருடம் இருந்தவன் நான். எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டினார் என்பதற்காக ஒருவருக்கு ஆஃபர் ரத்தானதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சேர்ந்த பிறகு வந்து சொல்பவர்களால்தான் எங்களுக்கு வேலை இரட்டிப்பாகும்.

முதலில் ஒன்று: திருத்திய கடிதம் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். இ-சைன் இணைப்பு வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. எல்லாரும் கையெழுத்திட்டு முடித்த ஆவணத்தில் யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. புதிதாக ஒன்று தயாரித்து மறுபடி ஒப்புதல் வாங்கி அனுப்ப வேண்டும். அதே திரையில் Decline என்று ஒரு பொத்தான் இருக்கும். "தப்பாக இருக்கிறது, திருப்பி அனுப்பலாம்" என்று நினைத்து அதை அழுத்துபவர்கள் உண்டு. அழுத்தினால் ஆவணம் அங்கேயே செல்லாததாகிவிடும், எச்.ஆருக்குப் போகும் தகவல் நீங்கள் மறுத்துவிட்டீர்கள் என்பதுதான். அப்படியே விட்டுவிட்டு மெயில் எழுதுங்கள். பி.டி.எஃப்-ஐ நீங்களே திருத்திக் கையெழுத்திட்டு அனுப்புவதும் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் ஆவணத்தில் கை வைத்ததாகத்தான் அது படும்.

உங்கள் இரண்டு பிழைகளும் ஒரே ரகம் இல்லை. பெயர் வெறும் தட்டச்சுப் பிழை; சான்று காட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தேதி வேலை நிபந்தனையில் ஒன்று. முன்பே ஒத்துக்கொண்ட தேதி மாறி வந்திருந்தால் அது திருத்தம். கடிதம் வந்த பிறகு உங்களுக்கு ஒரு வாரம் தள்ளிப்போனால் நல்லது என்று தோன்றினால் அது வேண்டுகோள். அதற்கு மேலாளர் சம்மதிக்க வேண்டும், மறுக்கவும் அவருக்கு இடம் உண்டு. வேண்டுகோளைத் திருத்தம் என்ற பெயரில் எழுதினால் எச்.ஆர் உடனே கண்டுபிடித்துவிடுவார், அது நல்ல தொடக்கமாக இருக்காது. உங்களுடையது திருத்தம்தான். அதனால் யாரோடு, எப்போது பேசி முடிவானது என்பதை மெயிலில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

எழுதுவதற்கு முன், விண்ணப்பத்தில் நீங்கள் என்ன தட்டினீர்கள் என்று ஒருமுறை திறந்து பாருங்கள். பெரும்பாலும் கடிதத்தில் வரும் பெயரை யாரும் கையால் அடிப்பதில்லை. விண்ணப்பப் பக்கத்திலோ ரெக்ரூட்டர் உருவாக்கிய பதிவிலோ இருப்பதை மென்பொருள் எடுத்து வார்ப்புருவில் போடுகிறது. அதே பதிவிலிருந்துதான் பின்னால் அலுவலக மெயில் முகவரி, சம்பளப் பட்டியல், பின்னணிச் சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் பெயர் போகும். எனவே கடிதத்தை மட்டும் திருத்தச் சொன்னால் பாதி வேலைதான் முடியும். முதல் மாதச் சம்பளத்தின்போது பழைய Revathy மறுபடி தலைகாட்டுவாள். பதிவிலும் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

எந்த எழுத்துக்கூட்டலைக் கேட்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி என்று இருக்கும். சேரும் நாளில் அடையாளச் சான்றாக எதைக் கொடுக்கப் போகிறீர்களோ, அதில் உள்ளபடி கேளுங்கள். மற்றவற்றில் வேறுபாடு இருந்தால் அதையும் இப்போதே ஒரு வரியில் தெரிவித்துவிடலாம்.

மெயிலைக் கடிதம் வந்த அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள். புது மெயில் போட்டால் எந்த வேலை, எந்தக் கடிதம் என்று அவர் தேட வேண்டியிருக்கும். கன்சல்டன்சி மூலம் வந்த வேலை என்றால், கடிதம் கொடுத்த நிறுவனத்தின் எச்.ஆருக்கு எழுதி, கன்சல்டன்சிக்கு ஒரு நகல் போதும். உங்கள் விஷயத்தில் நான் இப்படி எழுதுவேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான்:

> வணக்கம். ஆஃபர் லெட்டர் கிடைத்தது, மிக்க நன்றி. வேலையில் சேரத் தயாராக இருக்கிறேன். கையெழுத்திடும் முன் இரண்டு திருத்தங்கள் வேண்டும்.
>
> பெயர்: கடிதத்தில் Revathy என்று உள்ளது. பாஸ்போர்ட்டின்படி Revathi. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.
>
> சேரும் தேதி: கடிதத்தில் 6 ஜூலை 2026. சென்ற வாரம் போனில் நாம் பேசி முடிவு செய்தது 13 ஜூலை 2026, திங்கட்கிழமை. இப்போதைய வேலையில் என் கடைசி நாள் ஜூலை 10.
>
> கடிதத்தோடு உங்கள் பதிவிலும் பெயரைத் திருத்த வேண்டுகிறேன். ஒப்புதல் தெரிவிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று கடிதத்தில் இருக்கிறது. திருத்திய கடிதம் அதற்குள் வராவிட்டால் அந்த நாளையும் நீட்டித்துத் தர வேண்டுகிறேன்.

"சேரத் தயாராக இருக்கிறேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் தயங்குகிறீர்களோ என்ற சந்தேகம் வரும். கடைசி நாள் பற்றிய வரியும் அதே அளவு முக்கியம். திருத்தத்துக்குக் காத்திருந்ததில் ஆஃபரே காலாவதியாகி, மறுபடி ஒப்புதல் சுற்றுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். மாதத்தை எழுத்தில் எழுதியதும் காரணமாகத்தான்: 06/07 என்பது சிலருக்கு ஜூலை 6, சிலருக்கு ஜூன் 7. "மன்னிக்கவும், தொந்தரவுக்கு வருந்துகிறேன்" எல்லாம் தேவையில்லை, பிழை உங்களுடையது இல்லையே.

இரண்டு வேலை நாளில் பதில் வராவிட்டால் போன் செய்யுங்கள். பேசியதை அன்றே அதே மெயில் தொடரில் இரண்டு வரியாகப் போட்டுவிடுங்கள். "சேரும் அன்று பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், பெயர் விஷயத்தில் மெயிலில் அதை உறுதிசெய்யச் சொல்லி ஏற்றுக்கொள்ளலாம். தேதியில் ஏற்காதீர்கள். பழைய வேலையில் ஜூலை 10 வரை, புதிய வேலையில் ஜூலை 6 முதல் என்று காகிதத்தில் நின்றால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகப் பின்னாளில் ஒரு சரிபார்ப்பில் கேள்வி வரும். ஜூலை 6 அன்று நீங்கள் போகாவிட்டால், வராதவர் என்று குறித்துவிடவும் வாய்ப்பு உண்டு. இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை என்றால், சரியான தேதியோடு கடிதம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

திருத்திய கடிதம் வந்ததும் முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் பழையதையும் பக்கத்தில் வைத்து முழுதாக ஒப்பிடுங்கள். பெயர் முகவரியிலும், விளிப்பிலும், சம்பள இணைப்பிலும், கடைசியில் கையெழுத்திடும் இடத்திலும் வரும். ஒன்றிரண்டு தப்பிவிடுவது சகஜம். தேதி மாறினால் புரொபேஷன் முடியும் நாள் குறிப்பிடப்பட்டிருந்தால் அதுவும் மாறியிருக்க வேண்டும். கடிதம் மறுபடி உருவாக்கப்படும்போது பதவிப் பெயரோ சம்பள விவரமோ பழைய வார்ப்புருவுக்குத் திரும்பிவிடுவதும் நடக்கும், அந்த எண்களையும் ஒத்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, முதல் கடிதம் செல்லாது என்பதை ஒரு வரியில் உறுதிசெய்யச் சொல்லுங்கள்.